பவர் சீரீஸ்ல மட்டும் ஏன் டேர்ம் டேர்மா டிஃபரன்ஷியேட் பண்ண விடுறாங்க? 1/(1−x)ல இருந்து 1/(1−x)² வந்தது எப்படி?

செக்காலை_மாணவி

எல்லாருக்கும் வணக்கம், நான் காரைக்குடில பிஎஸ்சி மேத்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். போன வாரம் கிளாஸ்ல sin(n²x)/n² அப்படிங்கற டேர்ம்களை கூட்டி ஒரு சீரீஸ் காட்டி, இதை டேர்ம் டேர்மா டிஃபரன்ஷியேட் பண்ணக்கூடாது, பண்ணா cos(n²x) வரும், அது கன்வர்ஜே ஆகாதுன்னு சொன்னாங்க. சரின்னு எழுதிக்கிட்டேன். இந்த வாரம் அதே போர்டுல

```
1/(1−x)  = 1 + x + x² + x³ + ...
1/(1−x)² = 1 + 2x + 3x² + 4x³ + ...
```

ரெண்டு பக்கமும் டிஃபரன்ஷியேட் பண்ணியாச்சுன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. போன வாரம் கூடாதுன்னது இந்த வாரம் எப்படி கூடும்? புக்ல "கன்வர்ஜென்ஸ் எல்லைக்குள்ள செய்யலாம்"னு தேற்றம் இருக்கு, அது தெரியும், ஆனா பவர் சீரீஸுக்கு மட்டும் என்ன தனியா இருக்குன்னு எனக்கு பிடிபடல. x = −1 போட்டா என்ன ஆகும்னும் கேக்கணும், இடது பக்கம் 1/4 வருது, வலது பக்கம் 1−2+3−4+... வருது.

தேவகோட்டை_டீச்சர்

இதுக்கு டிஃபரன்ஷியேஷனே வேண்டாம்மா, பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு நான் இப்படித்தான் நடத்துறேன். S = 1 + 2x + 3x² + 4x³ + ... ன்னு வச்சுக்க. xS = x + 2x² + 3x³ + ... . மேல இருந்து கீழ கழி, S − xS = 1 + x + x² + x³ + ... , அது 1/(1−x). அப்ப S(1−x) = 1/(1−x), S = 1/(1−x)². ரெண்டு வரில முடிஞ்சுது, பரீட்சைக்கு இதையே எழுது.

செக்காலை_மாணவி

டீச்சர் இது ரொம்ப அழகா இருக்கு, ஆனா நான் கேட்டது விடை எப்படி வருதுன்னு இல்ல, டிஃபரன்ஷியேட் பண்றது ஏன் செல்லும்னு. அதோட நீங்க சொன்னதுலயும் S ஒரு நம்பர்னு முன்னாடியே எடுத்துக்கிட்டுதான கழிக்கிறோம்?

கண்டனூர்_கணக்கு

நான் எம்எஸ்சி முடிச்சவன், சுருக்கமா சொல்றேன். காரணம் யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ். பவர் சீரீஸ் அதோட எல்லைக்குள்ள யூனிஃபார்மா கன்வர்ஜ் ஆகும், யூனிஃபார்மா ஆச்சுன்னா லிமிட்டை உள்ள கொண்டு போகலாம், டெரிவேட்டிவும் ஒரு லிமிட்தான், அதனால செல்லும். சைன் சீரீஸ்ல அது இல்ல, அவ்ளோதான்.

ஓய்வு_வாத்தியார்

கண்டனூர் தம்பி, பாதி வழி வந்திருக்கீங்க, ஆனா அந்தப் பொண்ணு கொண்டு வந்த உதாரணமே உங்க பதிலை மறுக்குது. sin(n²x)/n²ல ஒவ்வொரு டேர்மும் 1/n²ஐ தாண்டாது, 1/n²களோட கூட்டுத்தொகை π²/6, அதனால அந்த சைன் சீரீஸ் மொத்த நேர்கோட்டுலயும் யூனிஃபார்மா, அப்சல்யூட்டா கன்வர்ஜ் ஆகுது. இதை விட நல்ல குணம் ஒரு சீரீஸுக்கு கேக்க முடியாது. அப்படி இருந்தும் டிஃபரன்ஷியேட் பண்ணா n² கீழ இருந்தது அடிபட்டுப் போயி வெறும் cos(n²x) மிஞ்சுது, x = 0ல அது 1+1+1+... .

பாக்க வேண்டியது மூல சீரீஸ் இல்ல, டிஃபரன்ஷியேட் பண்ணி வந்த சீரீஸ். அது யூனிஃபார்மா கன்வர்ஜ் ஆகணும். பவர் சீரீஸ்ல மட்டும் மூலம் கன்வர்ஜ் ஆனாலே எல்லைக்கு உள்பக்கம் வந்ததும் கன்வர்ஜ் ஆகிடும். நீ கேட்ட தனித்தன்மை அதுதாம்மா. அது ஏன்னு நம்பர் வச்சே காட்டுறேன், பொதுவா எழுதுனா கண்ணுல ஒட்டாது.

x = 0.9 எடுத்துக்க. டிஃபரன்ஷியேட் பண்ணா டேர்ம் n·(0.9)ⁿ⁻¹, முன்னாடி ஒரு n வந்து ஒட்டிக்கிட்டு பயமுறுத்துது. இப்ப 0.9க்கும் 1க்கும் நடுவுல 0.95 இருக்குல்ல, அந்த இடைவெளிதான் நமக்கு கையிருப்பு. n·(0.9)ⁿ⁻¹ஐ (0.95)ⁿ ஆல வகுத்துப் பாரு. முதல்ல ஏறும், n = 18, 19 பக்கம் சுமார் 7.6 வரைக்கும் போகும், அதுக்கு மேல இறங்க ஆரம்பிச்சு n = 100ல 0.5 பக்கம், 200ல கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போயிடும். அப்ப எந்த n எடுத்தாலும் n·(0.9)ⁿ⁻¹ங்கறது 8·(0.95)ⁿஐ தாண்டாது. 0.95 ஜியோமெட்ரிக் சீரீஸ் கன்வர்ஜ் ஆகுது, அதனால இதுவும் ஆகுது. அதோட −0.9ல இருந்து 0.9 வரைக்கும் எந்த x எடுத்தாலும் இதே 8·(0.95)ⁿ மேல்வரம்பா நிக்கும், அதான் யூனிஃபார்ம். n ஒண்ணொண்ணா வளருது, 0.9/0.95ஓட பவர் ஒவ்வொரு படியிலயும் அஞ்சு சதவீதத்துக்கு மேல சுருங்குது, கடைசில சுருங்குறதுதான் ஜெயிக்கும். சைன் சீரீஸ்ல இப்படி சுருக்குறதுக்கு ஒரு ஜியோமெட்ரிக் காரணியே கிடையாது, 1/n² மட்டும்தான் காவல், டிஃபரன்ஷியேட் பண்ணதும் அந்தக் காவலும் போச்சு.

இனி வந்த சீரீஸ் நிஜமாவே டெரிவேட்டிவ்தானான்னு ஒரு படி பாக்கி இருக்கு. 1 + 2x + 3x² + ... ஐ g(x)னு சொல்லு. யூனிஃபார்மா இருக்கறதால 0ல இருந்து x வரைக்கும் டேர்ம் டேர்மா இன்டக்ரேட் பண்ணலாம், இன்டக்ரேஷன் இந்த விஷயத்துல சாது. x + x² + x³ + ... வரும், அதாவது 1/(1−x) − 1. g தொடர்ச்சியான ஃபங்ஷன், அதனால ரெண்டு பக்கமும் டிஃபரன்ஷியேட் பண்ணா g(x) = 1/(1−x)². நேரா டிஃபரன்ஷியேட் பண்றதை நியாயப்படுத்த இன்டக்ரேட் பண்ணிட்டுத் திரும்பி வர்றோம்.

செக்காலை_மாணவி

சார் இப்ப புரியுது. 0.99 எடுத்தா 0.995 எடுத்துக்கணும், அப்ப 8க்கு பதிலா பெரிய நம்பர் வரும், ஆனா ஏதோ ஒரு நம்பர் வந்துடும். சரியா 1ல நின்னா நடுவுல வைக்க இடமே இல்ல. அதனாலதான் எல்லைல கை விரிக்கிறாங்களா?

ஓய்வு_வாத்தியார்

அதேதான்.

பள்ளத்தூர்க்காரன்

நடுவுல வந்து குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும், எனக்கு மேத்ஸ் டிகிரி எல்லாம் கிடையாது, கணக்கு வழக்கு எழுதறவன். எங்க கோவில்ல வருஷத்துக்கு ஒரு நாள் அன்னதானத்துக்கு ஒரு கட்டளை போடணும்னு ஐயா ஆசைப்படுறாங்க. சும்மா வருஷம் 1000ன்னு போட்டா பத்து வருஷத்துல அது இலைக்குக்கூட காணாது, அதனால முதல் வருஷ முடிவுல 1000, அடுத்து 2000, அதுக்கடுத்து 3000 இப்படி என்னைக்கும் ஏறிக்கிட்டே போகணும்னு கேக்குறாங்க. நிலையா பத்து சதவீதம் வட்டின்னு வச்சுக்கிட்டா இப்ப எவ்வளவு முதல் போடணும்? நான் எக்செல்ல போட்டேன், 20 வருஷத்துக்கு 63,920 வந்துச்சு, 50 வருஷத்துக்கு 1,04,800 பக்கம், 100 வருஷத்துக்கு 1,09,920 பக்கம், எங்க போயி நிக்கும்னு தெரியல. நீங்க எழுதுற 1, 2, 3, 4 பாத்ததும் இதுவா இருக்குமோன்னு தோணுச்சு.

ஓய்வு_வாத்தியார்

இதேதான் அண்ணே. ஒரு வருஷம் கழிச்சுத் தர்ற ஒரு ரூபாய்க்கு இன்னைக்கு மதிப்பு 1/1.1, அதுதான் உங்க x. n வருஷம் கழிச்சுத் தர்றது 1000·n, இன்னைக்கு மதிப்பு 1000·n·xⁿ. மொத்தம் 1000 தடவை x + 2x² + 3x³ + ... . மேல இருக்க சீரீஸை ஒரு x ஆல பெருக்குனா இது, அதனால x/(1−x)². x = 1/1.1 போட்டா 1 − x = 0.1/1.1, மொத்தம் 1.1/0.01 = 110. முதல் 1,10,000 ரூபாய்.

பள்ளத்தூர்க்காரன்

முடிவே இல்லாம ஏறிக்கிட்டே போற ஒண்ணுக்கு வெறும் ஒண்ணே கால் லட்சத்துக்கும் கம்மியா? நம்பக் கஷ்டமா இருந்துச்சு, பேரேடு எழுதிப் பாத்தேன். 1,10,000க்கு வருஷ வட்டி 11,000, அதுல 1000 கொடுத்தா இருப்பு 1,20,000. அடுத்த வருஷம் வட்டி 12,000, கொடுக்கறது 2000, இருப்பு 1,30,000. அடுத்து 13,000 வட்டி, 3000 கொடுத்து 1,40,000. வருஷா வருஷம் இருப்பு சரியா பத்தாயிரம் ஏறுது, வட்டி ஆயிரம் ஏறுது, கொடுக்கறதும் ஆயிரம் ஏறுது. எத்தனை பக்கம் எழுதுனாலும் இது மாறாது. ஐயாகிட்ட பக்கத்தைக் காட்டுனேன், அவங்களுக்கு சீரீஸ் எல்லாம் சொல்லவே வேண்டியதில்லாம போச்சு.

செக்காலை_மாணவி

அண்ணே, அந்த x ஆல பெருக்கறதை விட்டுட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தேன், 1/(1−x)² = 121 வருது. 1,21,000. அதுக்கும் அர்த்தம் இருக்கு, முதல் 1000ஐ இன்னைக்கே கொடுத்து ஆரம்பிச்சா அவ்வளவு வேணும், ஏன்னா எல்லா தவணையும் ஒரு வருஷம் முன்னாடி வந்துடுது. கிளாஸ்ல n = 0வா n = 1ஆ, xⁿஆ xⁿ⁻¹ஆன்னு நாங்க குழம்பறது இங்க 11,000 ரூபாய் வித்தியாசம்.

கண்டனூர்_கணக்கு

அந்த n குழப்பத்துக்கு ஒரு வழி இருக்கு, x = 0 போட்டுப் பாரு. 1/(1−x)² 1 வரணும், சீரீஸோட முதல் டேர்மும் 1ஆ இருக்கணும். நிறைய பேர் Σ n·xⁿ⁻¹ஐ Σ (n+1)·xⁿன்னு மாத்துறப்ப கீழ n = 1ன்னு அப்படியே விட்டுடுவாங்க, முதல் 1 காணாம போயிடும், x = 0ல 0 வரும், உடனே மாட்டிக்கும். இன்னொண்ணு x = 0.1. இடது பக்கம் 1/0.81, கால்குலேட்டர்ல 1.2345679012... வரும். வலது பக்கம் 1 + 0.2 + 0.03 + 0.004 + 0.0005 + ... , இலக்கங்கள் தானா வரிசையா உக்காந்துக்குது பாரு. 8 மட்டும் இல்லாம 7க்கு அப்புறம் 9 வர்றது ஏன்னா பத்தாவது டேர்ம் 10ங்கறதால ஒரு இடம் முன்னாடி ஏறி 9ஓட சேர்ந்து 10 ஆகி, அது இன்னும் ஒரு இடம் முன்னாடி ஏறி 8ஐ 9 ஆக்கிடுது.

தேவகோட்டை_டீச்சர்

இதை நாளைக்கே பிள்ளைங்களுக்கு காட்டுறேன், ரொம்ப நல்லா இருக்கு. பள்ளத்தூர் தம்பி, ஒண்ணு கவனிங்க, எட்டு சதவீதம்தான் கிடைச்சுதுன்னா 1.08/0.0064, முதல் 1,68,750 வேணும். ஆறுன்னா 2,94,000க்கும் மேல. வட்டி ரெண்டு சதவீதம் இறங்குனா முதல் பாதிக்கு மேல ஏறுது, கீழ ஸ்கொயர் இருக்கறதுதான் காரணம். பத்தே நிலையா கிடைக்கும்னு நம்பி கட்டளை எழுதிடாதீங்க.

பள்ளத்தூர்க்காரன்

ஆமா டீச்சர், அதுதான் இப்ப வீட்டுல பேச்சு. ஏத்தத்தை வருஷம் ஆயிரத்துக்கு பதிலா ஐநூறுன்னு வைக்கலாமான்னு ஐயா யோசிக்கிறாங்க.

செக்காலை_மாணவி

x = −1க்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. 1 − 2 + 3 − 4 + ... = 1/4ன்னு எழுதலாமா கூடாதா?

தேவகோட்டை_டீச்சர்

கழிக்கற முறைல அப்படித்தான் வருது, S + S = 1 − 1 + 1 − 1 + ... , அது 1/2, S = 1/4. ஆயிலரே அப்படி எழுதியிருக்கார்.

கண்டனூர்_கணக்கு

டீச்சர், கூட்டுத்தொகையே இல்லாத ஒண்ணை Sன்னு பேர் வச்சு கழிக்கறதுல என்ன வேணா வரும். x = 2 போடுங்க, 1/(1−2)² = 1, வலது பக்கம் 1 + 4 + 12 + 32 + ... . அதையும் 1ன்னு ஒத்துக்கணுமே. எல்லைக்கு வெளிய ஃபங்ஷன் இருக்கும், சீரீஸ் இருக்காது, ரெண்டும் வேற. என்னைக் கேட்டா −1லயும் அதே பதில்தான், கன்வர்ஜ் ஆகல, விடை இல்ல, அத்தோட முடிஞ்சுது.

ஓய்வு_வாத்தியார்

2ஐயும் −1ஐயும் ஒண்ணா வைக்கக்கூடாது. −1 எல்லைக்கோட்டு மேலயே இருக்கு, உள்பக்கத்துல இருந்து அதை நெருங்க முடியும், 2ஐ நெருங்க முடியாது. ஒரு படி பின்னாடி போயி பாருங்க:

```
−ln(1−x) = x + x²/2 + x³/3 + ...
1/(1−x)  = 1 + x + x² + ...
1/(1−x)² = 1 + 2x + 3x² + ...
```

மூணுக்கும் எல்லை ஒண்ணுதான், −1ல இருந்து 1 வரைக்கும். ஆனா x = −1ல முதல் சீரீஸ் நல்லாவே கன்வர்ஜ் ஆகி −ln 2 தருது. ஒரு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணா 1 − 1 + 1 − 1 + ... , கன்வர்ஜ் ஆகல, பகுதிக் கூட்டல் 1, 0, 1, 0ன்னு ஆடுது, ஆனா சராசரி 1/2க்குப் போகுது. இன்னொரு தடவை பண்ணா 1 − 2 + 3 − 4, பகுதிக் கூட்டல் 1, −1, 2, −2ன்னு விரியுது, சராசரி எடுத்தாக்கூட நிக்கல. டிஃபரன்ஷியேட் பண்ணப் பண்ண எல்லைக்கோட்டு மேல பலம் குறைஞ்சுக்கிட்டே வருது, உள்ள மட்டும் ஒண்ணும் ஆகல. பரீட்சைல "எல்லை மாறாது"ன்னு எழுதறவங்க ஓரப்புள்ளியும் மாறாதுன்னு நினைச்சுக்குறாங்க, மார்க் போறது அங்கதான்.

1/4ங்கறதை சாதாரண கூட்டுத்தொகைன்னு எழுதக்கூடாது. x உள்ள இருந்து −1ஐ நெருங்கறப்ப கூட்டுத்தொகை 1/4ஐ நெருங்குதுன்னு எழுதலாம், அது உண்மை, அதுக்கு ஏபல் கூட்டுத்தொகைன்னு பேரு. பேரைச் சொல்லி எழுதுனா யாரும் தப்பு சொல்ல முடியாது.

கண்டனூர்_கணக்கு

பேர் வச்சதால அது டெரிவேட்டிவைப் பத்தி எதாவது சொல்லுதா சார்? இங்க ஃபங்ஷன் −1ல நல்லபடியா இருக்கறதால பொருந்துது, அவ்ளோதானே.

ஓய்வு_வாத்தியார்

இந்தப் பொண்ணு முதல்ல கேட்ட சைன் சீரீஸுக்கே வரேன். அது எங்கயுமே டிஃபரன்ஷியேட் ஆகாதுன்னு ரீமன் நினைச்சதா வையர்ஸ்ட்ராஸ் 1872ல சொன்னார். 1916ல ஹார்டி x ஆனது πயோட விகிதமுறா மடங்கா இருக்கற இடத்துல எல்லாம் ஆகாதுன்னு நிரூபிச்சார். அப்புறம் 1970ல ஜோசப் கெர்வர் சில இடத்துல ஆகும்னு காட்டினார், ஒற்றைப்படை எண்ணை ஒற்றைப்படை எண்ணால வகுத்து πயால பெருக்கி வர்ற புள்ளிகள், அங்க எல்லாம் டெரிவேட்டிவ் −1/2. அதுல ஒண்ணு x = π. அங்க டேர்ம் டேர்மா டிஃபரன்ஷியேட் பண்ணா cos(n²π), அதாவது −1 + 1 − 1 + 1 − ... . கன்வர்ஜ் ஆகாத அந்த சீரீஸோட ஏபல் மதிப்பும் −1/2தான்.

செக்காலை_மாணவி

சார்!! அப்ப கிளாஸ்ல "கூடாது"ன்னு சொன்ன இடத்துலயே ஏபல் முறைல சரியான டெரிவேட்டிவ் வருதா? அப்ப எல்லா இடத்துலயும் அப்படி செய்யலாமா?

கண்டனூர்_கணக்கு

ஒரு புள்ளில பொருந்துனதை வச்சு விதி எழுத முடியாது. x = 0ல 1 + 1 + 1 + ... , ஏபல் முறைலயும் அதுக்கு மதிப்பு வராது, அங்க ஃபங்ஷனும் டிஃபரன்ஷியேட் ஆகல. அது ஒத்துப் போகுதுன்னு வேணா சொல்லுங்க. ஆனா ஏபல் மதிப்பு இருந்தாலே டெரிவேட்டிவ் இருக்கும்னு யார் சொன்னா? அதுக்கு நிரூபணம் வேணும்.

ஓய்வு_வாத்தியார்

தம்பி சொல்றது நியாயம், பொதுவா அப்படி ஒரு விதி கிடையாது, கெர்வர் வேற வழில கஷ்டப்பட்டுத்தான் நிரூபிச்சார். நீ ஒண்ணு செய்மா, x = π/3 எடுத்துக்க, அதுவும் அந்தப் புள்ளிகள்ல ஒண்ணு. cos(n²π/3)ங்கறது n மாற மாற ஆறு எண்ணுக்கு ஒரு தடவை திரும்ப வரும். அந்த ஆறையும் எழுதி, கூட்டுனா 0 வருதான்னு பாரு, வந்தா சராசரி முறைலயே ஒரு மதிப்பு கிடைக்கும். அது −1/2ஆ இல்லையான்னு போட்டுட்டு வா, அப்புறம் கண்டனூர் தம்பியும் நீயும் பேசிக்கலாம்.

செக்காலை_மாணவி

1/2, −1/2, −1, −1/2, 1/2, 1. கூட்டுனா 0 சார். பகுதிக் கூட்டல் 1/2, 0, −1, −3/2, −1, 0, அப்புறம் இதே திரும்ப. ஆறோட கூட்டல் −3, சராசரி −1/2.

கண்டனூர்_கணக்கு

சரியா வருது. π/5க்கும் போட்டுப் பாக்குறேன், பத்து டேர்ம் எழுதணும். வந்தாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கு, சராசரி ஒத்துப் போறதுக்கும் டெரிவேட்டிவ் இருக்கறதுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாராவது எழுதுங்க.